பையனுக்கு மூன்று வாரத்தில் ஆறு பல் எக்ஸ்ரே: இவ்வளவும் தேவைதானா?

*டாக்டர், என் மகனுக்கு 9 வயது. கீழ்க் கடைவாயில் பால்பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கிவிட்டது. வேர் சிகிச்சை செய்த பல் டாக்டர் மூன்று வாரத்தில் ஐந்து சின்ன எக்ஸ்ரே, ஒரு ஓபிஜி எடுத்துவிட்டார். ஓபிஜிக்கு ஈய ஏப்ரன்கூடப் போடவில்லை. இரண்டு தடவை சென்சாரை அவன் வாயில் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கணும் என்கிறார். பல் எக்ஸ்ரேயால் மூளையில் கட்டி வரும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருப்பதாக என் நாத்தனார் வாட்ஸ்ஆப்பில் ஒன்று அனுப்பினார். அதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. இவ்வளவும் தேவைதானா?*
*— ஓர் அம்மா, நாகர்கோவில்*

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகனுக்கு ஆபத்து எதுவும் நேர்ந்துவிடவில்லை. இதை வெறும் ஆறுதலாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஆனால் கணக்கு சின்னதாக வருகிறது என்பதற்காக எடுத்த ஆறும் தேவைதான் என்று ஆகிவிடாது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உடலுக்குள் போகும் கதிரின் பாதிப்பை மைக்ரோசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். எந்த உறுப்பில் எவ்வளவு கதிர் பட்டது, அந்த உறுப்பு கதிரால் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்பதையெல்லாம் சேர்த்து, முழு உடலுக்குமான ஒரே எண்ணாகத் தருவது இந்த அளவு. அதனால்தான் கன்னத்தில் மட்டும் பட்ட கதிரையும், உடல் முழுக்கப் பட்ட கதிரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது.

பல் கிளினிக்கில் ஆர்.வி.ஜி என்று சொல்லும் டிஜிட்டல் சென்சாரில் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தால் பொதுவாக 1 முதல் 5 மைக்ரோசீவர்ட் வரும். நாம் பெரிய எண்ணையே வைத்துக்கொள்வோம். ஐந்து எக்ஸ்ரேக்கு 25. ஓபிஜி, அதாவது முகத்தைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படமாக எடுப்பது, சுமாராக 14 முதல் 24 வரை வரும். 20 என்று வைப்போம். ஆக மொத்தம் 45 மைக்ரோசீவர்ட்.

இனி அடுத்த பக்கம். மண், வீட்டுச் சுவரின் கல், நாம் இழுக்கும் காற்றில் இருக்கும் ரேடான் வாயு, வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர், சாப்பாட்டோடு உள்ளே போகும் பொட்டாசியம் என்று எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு மனிதரும் கதிர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். உலகச் சராசரி ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட். ஒரு நாளைக்குச் சுமார் ஆறரை. அப்படியென்றால் உங்கள் மகனுக்கு ஆறு படத்திலும் சேர்த்துக் கிடைத்தது, அவன் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வாரமும் சும்மா இருந்தே வாங்கிவரும் அளவு. குழந்தையின் கழுத்து குட்டை. தைராய்டு சுரப்பி தாடைக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் பெரியவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே படும். அதையும் கணக்கில் எடுத்து இரண்டு மடங்காக்கினாலும் இரண்டு வாரத்துக் கணக்குதான்.

உங்கள் ஊர்ப் பக்கம் வளைகுடாவுக்குப் போய்வராத குடும்பம் குறைவு. விமானம் உயரத்தில் பறக்கும்போது நமக்கு மேலே இருக்கும் காற்றுப் போர்வை மெலிந்துவிடுவதால் காஸ்மிக் கதிர் கூடும். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம் பறந்தால் சுமார் 10 மைக்ரோசீவர்ட். போய் வந்தால் ஓர் ஓபிஜி எடுத்த மாதிரி. யாரும் இதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடுவதில்லை.

இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. உங்களிடமிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் மணவாளக்குறிச்சி. அங்கே கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருக்கிறது, மோனசைட்டில் கதிர் வீசும் தோரியம் இருக்கிறது. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தின் கருநாகப்பள்ளிக் கரையிலும் இதே மணல்தான். அந்தக் கரையில் சில இடங்களில் இயற்கைக் கதிர் மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே தலைமுறைகளாகக் குடியிருக்கும் மக்களைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் வீடு வீடாகக் கதிர் அளந்து, சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2009-இல் வெளியானது. கூடுதல் கதிருள்ள வீட்டில் வாழ்ந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் வருவதும், ஒரு நொடியில் வருவதும் அப்படியே ஒன்றாகிவிடாது என்பது உண்மை. ஆனாலும் நாம் பேசிக்கொண்டிருக்கும் அளவு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை இந்த ஆய்வு புரியவைக்கும்.

அப்படியானால் அபாயம் பூஜ்யமா? அப்படிச் சொல்ல மாட்டேன். கதிர்ப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள், எவ்வளவு குறைந்த கதிருக்கும் அதற்கேற்ற குறைந்த அபாயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் விதி வகுக்கிறார்கள். இவ்வளவு குறைந்த அளவில் அது உண்மையா என்று யாரும் அளந்து காட்டியதில்லை. எச்சரிக்கையாக இருப்பதற்காக அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வழியிலேயே 45 மைக்ரோசீவர்ட்டுக்குக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய நாலு லட்சம் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் கூடுதலாக ஒரு புற்றுநோய் வரலாம் என்று வருகிறது. குழந்தைகளின் செல்கள் வேகமாகப் பிரிபவை, முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. அதற்காக மூன்று மடங்காக்கினால் ஒன்றே கால் லட்சம் பேரில் ஒருவர் என்ற அளவுக்கு வரும். எக்ஸ்ரே எதுவும் எடுக்காமலே இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வர வாய்ப்பிருக்கிறது என்கிறது ஐ.சி.எம்.ஆரின் புற்றுநோய்ப் பதிவேடு. அந்த எண்ணுக்கு முன்னால் இது கண்ணுக்கே தெரியாது.

நாத்தனார் அனுப்பியது முழுப் பொய் அல்ல. அதனால்தான் அது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2012-இல் யேல் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கிளாஸ் தலைமையில் ஓர் ஆய்வு வந்தது. மெனிஞ்ஜியோமா என்ற, மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் கட்டி உள்ள 1,433 பேரையும், கட்டி இல்லாத 1,350 பேரையும் கூப்பிட்டு, "உங்களுக்கு எத்தனை பல் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். கட்டி உள்ளவர்கள் கூடுதலாக எடுத்ததாகச் சொன்னார்கள். பத்து வயதுக்குள் ஓபிஜி எடுத்ததாகச் சொன்னவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருந்தது. உங்களைத் தூங்கவிடாமல் செய்தது இந்த வரியாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். எல்லாம் ஞாபகத்திலிருந்து. முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால், சிறுவயதில் பல் டாக்டரிடம் எத்தனை படம் எடுத்தார்கள் என்று யாரால் சரியாகச் சொல்ல முடியும்? தலையில் கட்டி என்று தெரிந்தவர், "எதனால் வந்திருக்கும்" என்று பழையதையெல்லாம் துருவித் துருவி யோசித்திருப்பார். நோயில்லாதவர் அப்படி யோசித்திருக்க மாட்டார். கிளினிக் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. இன்னொரு இடிப்பும் இருந்தது. கடித்துக்கொண்டு எடுக்கும் பைட்விங் படத்தோடு கட்டிக்குத் தொடர்பு தெரிந்தது, ஆனால் அந்தப் பைட்விங்குகளையும் உள்ளடக்கி, அதைவிடப் பல மடங்கு கதிர் தரும் முழுவாய் எக்ஸ்ரேத் தொகுப்போடு தொடர்பு தெரியவில்லை. கதிர்தான் காரணம் என்றால் இது தலைகீழாகவல்லவா இருந்திருக்க வேண்டும்? இதற்கும் மேல், அவர்கள் நினைவுகூர்ந்த காலத்துப் படங்கள் பழைய ஃபிலிமில் எடுக்கப்பட்டவை, இன்றைய சென்சாரைவிடப் பல மடங்கு கதிர் வாங்கியவை. தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுக்காதீர்கள் என்று அந்த ஆய்வைக் காட்டிச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். உங்கள் மகனுக்குக் கட்டி வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சரி, எடுத்த ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நீங்கள் கூடவே அனுப்பியிருந்த போன் படங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் படம் சிகிச்சைக்கு முன் எடுத்தது. இது இல்லாமல் அந்தப் பல்லில் கை வைத்திருக்கவே கூடாது. ஒன்பது வயதில் கீழ்க் கடைவாய்ப் பால்பல்லின் வேர், அடியிலிருந்து வளரும் நிரந்தரப் பல் தள்ளத் தள்ளக் கரைந்துகொண்டு வரும் கட்டம். வேர் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் வேர் சிகிச்சை செய்வது வீண், எடுத்துவிட்டு இடம் பிடித்துவைக்கும் கம்பி போடலாம். வேர் போதுமான நீளம் இருந்தால் காப்பாற்றலாம். அதோடு, பால்பல்லில் சீழ் பெரும்பாலும் வேர் நுனியில் தெரியாது, இரண்டு வேரும் பிரியும் கவட்டையில் எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரியும். உங்கள் மகனின் படத்தில் அந்தக் கறுப்பு நன்றாகவே தெரிகிறது. கீழே இருக்கும் நிரந்தரப் பல்லின் மொட்டைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கோடு கலையாமல் இருக்கிறது, வேரும் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்கிறது. காப்பாற்றலாம் என்று உங்கள் டாக்டர் எடுத்த முடிவு இந்த ஒரு படத்திலிருந்துதான் வந்திருக்கும். சரியான முடிவு.

இரண்டாவது, வேருக்குள் ஃபைல் என்ற ஊசி மாதிரி மெல்லிய கருவியை விட்டு நீளம் பார்க்க எடுத்தது. அந்த ஃபைல் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலும் கீழே நிரந்தரப் பல்லின் மொட்டு இருக்கிறது. அபெக்ஸ் லொக்கேட்டர் என்ற கருவி இருந்தால் மின்சாரத்தின் மூலம் நீளம் காட்டும், சில கிளினிக்குகளில் அதை வைத்து இந்தப் படத்தைத் தவிர்க்கிறார்கள். ஆனால் கரைந்துகொண்டிருக்கும் பால்பல் வேரில் படத்தோடும் சரிபார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது அதே படம் மறுபடியும். இரண்டாவதில் வேரின் நுனி படத்துக்கு வெளியே போயிருக்கிறது, அதனால் திரும்ப எடுத்திருக்கிறார். இந்த ஆறில் வீணாய்ப் போனது இதுதான். குழந்தைகளிடம் இது அடிக்கடி நடக்கும். சென்சார் தடிமனாக, விறைப்பாக இருக்கும், ஓரம் நாக்குக்கு அடியில் குத்தும், குமட்டும், பையன் நாக்கால் தள்ளிவிடுவான். பெரியவர்களுக்கான சென்சாரைக் குழந்தையின் வாயில் வைத்தால் நிச்சயம் இப்படித்தான் ஆகும். குழந்தைக்கான சின்ன அளவு சென்சார் தனியாக இருக்கிறது, சென்சாரைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் ஹோல்டரும் இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது, "குழந்தை சென்சார் இருக்கிறதா, ஹோல்டரில் வைத்து எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி ஏப்ரன் கேட்பதைவிடப் பயன் தரும்.

நான்காவது, மருந்து நிரப்பிய பிறகு எடுத்தது. மருந்து வேரின் கடைசிவரை போயிருக்கிறதா, வெளியே கசிந்திருக்கிறதா என்று பார்க்கவும், ஆறு மாதம் கழித்து அந்தக் கறுப்பு ஆறியிருக்கிறதா என்று ஒப்பிடவும் இது வேண்டும்.

ஐந்தாவது எதிர்ப் பக்கத்துக் கடைவாய்ப் பல். அங்கே வலி இல்லையே, ஏன் எடுத்தார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்தப் படத்தில் இரண்டு பற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இடத்தில், எனாமலைத் தாண்டி ஒரு கறுப்பு முக்கோணம் நுழைந்திருக்கிறது. வெளியிலிருந்து விளக்கடித்துப் பார்த்தாலும் அது தெரிந்திருக்காது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் வரும் சொத்தை, வாய்க்குள் எட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத இடத்தில் வருவது. ஒரு பக்கம் வீங்கும் அளவுக்குச் சொத்தை உள்ள பையனுக்கு மறுபக்கத்தையும் பார்த்ததுதான் அடுத்த வீக்கத்தைத் தடுத்திருக்கிறது. அந்தப் பல்லுக்கு இப்போது வெறும் அடைப்பு போதும். தள்ளிப்போடாதீர்கள்.

ஆறாவது ஓபிஜி. இதில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. ஒன்பது வயதில் ஓபிஜி எடுக்கக் காரணங்கள் உண்டு. நிரந்தரப் பல் ஏதாவது உருவாகவே இல்லையா, கோரைப்பல் தவறான திசையில் வருகிறதா, பல் வரிசைக்குக் கம்பி தேவைப்படுமா என்று பார்க்கலாம். "எதைப் பார்க்க எடுத்தீர்கள், என்ன தெரிந்தது?" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இந்த மாதிரி ஒரு பதில் வந்தால் சரி. "மொத்தமாக ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று எடுத்தேன்" என்றால் அது போதுமான காரணம் அல்ல. சொத்தையைப் பார்ப்பதற்கு என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள முடியாது. ஓபிஜியில் பக்கத்துப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தெரியும், நடுவில் இருக்கும் சின்னச் சொத்தை மறைந்துவிடும். புதிதாக வரும் எல்லோருக்கும் முதலில் ஓபிஜி என்று வைத்திருக்கும் கிளினிக்குகள் நம் ஊர்களில் இருக்கின்றன. கதிர் குறைவுதான் என்றாலும் அந்த வழக்கம் தவறு. வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே எழுதித்தரும் எக்ஸ்ரே எதுவாக இருந்தாலும் ஏன் என்று கேட்கலாம்.

ஏப்ரன் போடாதது உங்களை ரொம்பவே உறுத்துகிறது, அது எனக்குப் புரிகிறது. ஈய ஏப்ரன் என்பது பழைய காலத்து இயந்திரங்கள் கதிரை அங்கங்கே சிதறவிட்ட நாட்களில் வந்த பாதுகாப்பு. இன்றைய இயந்திரத்தில் கதிர் குழாயின் வாயளவுக்குத்தான் வருகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் போகும் கொஞ்சம் கதிர், பட்ட இடத்திலிருந்து உடலுக்கு உள்ளேயே சிதறிப் போவது. வெளியே போர்த்தும் ஏப்ரனால் அதைத் தடுக்க முடியாது. ஓபிஜியில் கழுத்துப் பட்டை போட்டால் இன்னொரு சங்கடம், அது படத்தில் வெள்ளையாக விழுந்து தாடையை மறைக்கும், திரும்ப எடுக்க வேண்டி வரும். இதையெல்லாம் பார்த்துத்தான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. இங்கே பல இடங்களில் இன்னும் போடுகிறார்கள், சின்ன எக்ஸ்ரேக்குக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. கதிரை உண்மையில் குறைப்பது வேறு விஷயங்கள். ஃபிலிமுக்குப் பதில் டிஜிட்டல் சென்சார், இயந்திரத்தில் பெரியவர் அளவை விட்டுவிட்டுக் குழந்தை அளவுக்கு மாற்றிய நேரம், வட்டக் குழாயின் முனையில் சென்சார் அளவுக்கு மட்டும் கதிரை விடும் செவ்வக மூடி. அந்த மூடி ஒன்று மட்டுமே கதிரை அரைவாசிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். நம் ஊர்க் கிளினிக்குகளில் அது அரிது, எல்லோரும் வாங்கி வைக்க வேண்டியது.

நீங்கள் சென்சாரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத இடம். இரண்டு தடவை நின்றதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படி நின்றால் விரல் நேராகக் கதிர்ப் பாதையில் இருக்கும். நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட மறு வருடமான 1896-லிருந்தே பல் படம் எடுக்கத் தொடங்கியவர். இயந்திரத்தைச் சரிபார்க்கத் தன் கையையே கதிருக்கு நேரே காட்டிப் பார்ப்பார், நோயாளி வாயில் ஃபிலிமைத் தானே பிடித்துக்கொள்வார். வருடக்கணக்கில் அப்படிச் செய்ததில் கையில் புற்றுநோய் வந்து, விரல்களை வெட்டி, அப்புறம் கையையே எடுக்க வேண்டி வந்தது. அவர் வாங்கிய அளவுக்கும் உங்கள் இரண்டு படத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் யார் விரலும் கதிருக்கு நேரே இருக்கக் கூடாது என்ற விதி அப்படிப்பட்டவர்களால்தான் வந்தது. பையன் தானே ஹோல்டரைக் கடித்துக்கொள்ளட்டும். முடியவே முடியாத சின்னக் குழந்தையென்றால் கூடவந்த பெரியவர் ஒருவர், கர்ப்பமாக இல்லாதவர், ஏப்ரன் போட்டுக்கொண்டு, கதிர்க் குழாய்க்கு நேரே கை வராதபடி, ஹோல்டரின் வால்பக்கத்தைப் பிடிக்கலாம். பிடிக்க வேண்டியதில்லை என்றால் அறையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகும்.

இப்போது ஆறு மாதக் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுவது வேறு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பது வேறு. எக்ஸ்ரே இடைவெளியைக் காலண்டர் தீர்மானிக்கக் கூடாது, அந்த வாயில் சொத்தை வரும் வேகம் தீர்மானிக்க வேண்டும். நிரந்தரப் பல்லின் எனாமலைச் சொத்தை துளைத்து உள்ளே போகப் பொதுவாக வருடக்கணக்கில் ஆகும். பால்பல்லின் எனாமல் மெல்லியது, அதில் வேகமாக இறங்கும். அதோடு, தாது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் கறுப்பே தெரியும். அதனால் அடிக்கடி எடுப்பதால் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்றும் இல்லை.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும், அந்த நாட்டில் மருந்தையும் மருத்துவக் கருவியையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏவும் சேர்ந்து 2012-இல் கொடுத்த வழிகாட்டல் இப்படிப் போகிறது. சொத்தை இருக்கிற, அல்லது வரக்கூடிய குழந்தைக்குக் கடைவாயில் பைட்விங் படம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. சொத்தையே இல்லாத குழந்தைக்கு 12 முதல் 24 மாதம். சொத்தை இல்லாத பதின்வயதுப் பிள்ளைக்கு 18 முதல் 36 மாதம். நல்ல பற்களுள்ள பெரியவர்களுக்கு 24 முதல் 36 மாதம். அதுவும் முதலில் வாயைப் பார்த்த பிறகு, பற்கள் ஒட்டியிருந்து நடுவில் கண்ணால் பார்க்க முடியாதபோது மட்டும். இதன்படி பார்த்தால், உங்கள் டாக்டர் சொன்ன ஆறு மாதம் உங்கள் மகனுக்கு இப்போதைக்குப் பொருந்துகிறது. ஒன்பது வயதில் ஒரு பல்லில் சீழ், எதிர்ப் பக்கத்தில் நடுச்சொத்தை என்றால் அவன் வேகமாகச் சொத்தை விழும் குழந்தைதான். முதல் தடவை ஆறு மாதத்தில் இரண்டே இரண்டு பைட்விங், பக்கத்துக்கு ஒன்று. வேர் சிகிச்சை செய்த பல்லுக்குத் தனியாக ஒரு படம். அதில் புதுச் சொத்தை இல்லையென்றால் அடுத்தது ஒரு வருடம் கழித்து, அதிலும் இல்லையென்றால் ஒன்றரை, இரண்டு வருடம் என்று தள்ளிக்கொண்டே போகலாம். பள்ளிவிட்டு வந்ததும் பிஸ்கட், ராத்திரி பல் தேய்க்காமல் தூங்குவது இவை தொடர்ந்தால் இடைவெளியைத் தள்ள முடியாது. அதையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

வலி, வீக்கம், அடிபட்டது, நிரந்தரப் பல் வர வேண்டிய வயதில் வராதது என்று ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. போன மாதம்தான் எடுத்தோமே என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம், எடுக்க வேண்டியதை அன்றே எடுக்க வேண்டும். பல் எக்ஸ்ரேக்கு இத்தனை எடுத்தால் அதற்குமேல் கூடாது என்ற வருடாந்தர உச்ச எண்ணிக்கை நோயாளிக்குக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறதா என்பதுதான் அளவு.

சீபிசிடி என்று சொல்லும் முப்பரிமாண ஸ்கேனை மட்டும் இதே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எவ்வளவு பகுதியை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதில் 50-இலிருந்து சில நூறு மைக்ரோசீவர்ட் வரை போகலாம். எலும்புக்குள் புதைந்த கோரைப்பல், கட்டி, இம்பிளாண்ட் இவற்றுக்கு அது அருமையான கருவி. பல் கம்பி போட வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே எடுக்க வேண்டியது அல்ல. யாராவது எழுதிக்கொடுத்தால், ஓபிஜியில் தெரியாத எதை இதில் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். எடுக்க வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கும் சின்ன ஸ்கேன் போதுமா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, இயந்திரம். எக்ஸ்ரே வைத்திருக்கும் எந்தப் பல் கிளினிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் (ஏ.இ.ஆர்.பி) பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. நான் அதிகம் கவலைப்படுவது, டிரில் மாதிரிக் கையில் பிடித்து எடுக்கும் பேட்டரி எக்ஸ்ரேக்களில் ஊர்பேர் தெரியாமல் ஆன்லைனில் மலிவாக வாங்கியவற்றைப் பற்றித்தான். அனுமதி பெறாத இத்தகைய கருவிகளைப் பற்றி 2012-லேயே எஃப்.டி.ஏ எச்சரித்திருக்கிறது. அவற்றில் கதிர் தேவையில்லாத பக்கமும் கசியலாம், அது நோயாளியைவிட, நாள் முழுக்க அதைக் கையில் பிடிக்கும் உதவியாளருக்கு ஆபத்து.

கடைசியாக, இந்த ஆறு படத்தையும் உங்கள் கைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரை நோக்கிப் போனில் எடுத்த படம் கோணலாக, வெளிச்சம் அடித்து இருக்கிறது. நீங்கள் எனக்கு அனுப்பியதும் அப்படித்தான், பெரிதாக்கிப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது. கிளினிக்கின் சாஃப்ட்வேரிலிருந்து நேராக எடுத்த கோப்பை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்ஆப்பில் என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், ஃபோட்டோவாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும். கோப்புக்குத் தேதியும் எந்தப் பக்கத்துப் பல் என்பதும் பெயராக இருக்கட்டும். நாளைக்குக் கம்பி போடும் டாக்டரிடம் போகும்போது அந்த ஓபிஜியைக் காட்டுங்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் பெரும்பாலும் அதுவே போதும் என்பார், பையனுக்கு இன்னொன்று எடுக்க வேண்டி வராது.